மீன் ஏல விலையிலை இருந்து கேள்விக் கோட்டைப் பிடிக்கிறது எப்பிடி: இரு கட்ட இழிவு வர்க்க முறை, கையாலை போட்ட கணக்கோடை

பொருளியல் படிக்கிற ஒரு தம்பி போன கிழமை ஒரு எக்செல் ஃபைல் கொண்டுவந்து காட்டினவன். ஒரு மீன் இறங்குதுறையிலை விடிய விடிய நிண்டு ஒவ்வொரு நாளும் என்ன விலைக்கு ஏலம் போச்சு, எத்தினை கிலோ போச்சு எண்டு எழுதி வைச்சிருக்கிறான். விலையை ஒரு பக்கம் போட்டு அளவை மற்றப் பக்கம் போட்டு ரிக்ரெஷன் ஓட்டினால் கோடு மேலை போகுது. "அண்ணை, விலை கூடக் கூட சனம் கூட வாங்குது எண்டு வருது, எங்கை பிழை?" எண்டு கேட்டான். டேட்டாவிலை பிழை இல்லை. அவன் கேட்ட கேள்விக்கு அந்த ரிக்ரெஷன் பதில் சொல்லாது, அவ்வளவுதான். அவனுக்குச் சொன்னதைத்தான் இஞ்சை கொஞ்சம் விரிச்சு எழுதுறன். ரிக்ரெஷன் எண்டால் என்னெண்டு தெரிஞ்ச ஆக்களுக்கு இது போதும்.

முதல்லை சிக்கல் எங்கை எண்டு பாப்பம்

ஏலத்திலை நிக்கிற மீனுக்கு விலையை ஆரும் வெளியிலை இருந்து நிர்ணயிக்கிறேல்லை. வந்த மீன் எவ்வளவு, நிக்கிற வியாபாரியள் எத்தினை பேர், அவையளுக்கு எவ்வளவு தேவை, எல்லாம் சேந்து ஒரே நேரத்திலை விலையும் அளவும் விழுது. நீங்கள் எழுதி வைச்ச ஒவ்வொரு புள்ளியும் கேள்விக் கோடும் நிரம்பல் கோடும் வெட்டின ஒரு இடம். நாளைக்கு இன்னொரு இடத்திலை வெட்டும். அந்தப் புள்ளியளைச் சேத்துக் கீறின கோடு கேள்வியும் இல்லை, நிரம்பலும் இல்லை, ரெண்டின்ரை கலவை.

இதைக் கணக்காப் பாத்தால், ஒரு நாள் ஊரிலை கலியாணவீடு கனக்க, வியாபாரியள் முண்டியடிக்கினம் எண்டு வையுங்கோ. அது எங்கடை கேள்விச் சமன்பாட்டிலை வழு உறுப்புக்குள்ளை போய்க் குந்தியிருக்கும். அதே முண்டியடிப்பு விலையையும் ஏத்தும். அப்ப விலையும் வழுவும் ஒண்டாய் அசையுது, சாதாரண இழிவு வர்க்க முறைக்கு, அதுதான் ஓஎல்எஸ் எண்டு சொல்லுறதுக்கு, அடிப்படையே ஆடிப் போகுது. டேட்டாவை ஆயிரம் நாளாக் கூட்டினாலும் இது போகாது.

வழி என்னெண்டால், நிரம்பல் கோட்டை மட்டும் தள்ளி கேள்விக் கோட்டைத் தொடாத ஒண்டைக் கண்டுபிடிக்கிறது. நிரம்பல் அங்கையும் இங்கையும் அசைய, கேள்வி நிண்ட இடத்திலையே நிண்டால் வெட்டுற புள்ளியள் கேள்விக் கோட்டிலையே நடந்து போகும். 1928ஆம் ஆண்டு பிலிப் ரைட் எண்டவர் விலங்கு, தாவர எண்ணெய்களின்ரை இறக்குமதி வரியைப் பற்றி எழுதேக்கை பின்னிணைப்பிலை சொன்ன யோசனை இது. அந்தத் தள்ளுற சாமானைத்தான் இன்ஸ்ட்ருமென்ட், கருவி மாறி எண்டு சொல்லுறது. மீனுக்குக் கருவி என்ன? கடல்தான். கடல் கொந்தளிச்சால் போட் இறங்காது. வீட்டிலை இருந்து குழம்புக்கு மீன் வேணும் எண்டு நினைக்கிற ஆளுக்கு அலை எத்தினை அடி எண்டு கவலை இல்லை.

எட்டு நாள் கணக்கு

நியூயோர்க்கிலை ஃபுல்டன் மீன் சந்தையிலை இதைச் செய்து காட்டினது பேர்போனது, அதுக்குப் பிறகு வாறன். முதல்லை நான் விளங்கப்படுத்துறதுக்காக உருவாக்கின எட்டு நாள் டேட்டா, உண்மைச் சந்தை விலை எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. உண்மைக் கேள்வியை நானே `Q = 900 - 0.5P + u` எண்டு வைச்சுத்தான் இதைச் செய்தன், அப்ப முடிவிலை சரி பிழை பாக்கலாம். விலை கிலோவுக்கு ரூபாய், அளவு கிலோ, Z எண்டது கடல் கொந்தளிப்பெண்டால் 1, இல்லாட்டி 0.

| நாள் | Z | P | Q |
|---|---|---|---|
| 1 | 0 | 1020 | 450 |
| 2 | 0 | 1100 | 410 |
| 3 | 0 | 900 | 390 |
| 4 | 0 | 980 | 350 |
| 5 | 1 | 1220 | 350 |
| 6 | 1 | 1300 | 310 |
| 7 | 1 | 1100 | 290 |
| 8 | 1 | 1180 | 250 |

முதல் நாலு நாளையும் மட்டும் எடுத்து ரிக்ரெஷன் போட்டுப் பாருங்கோ, சரிவு +0.19. தம்பிக்கு வந்ததும் இது மாதிரித்தான், அவன் போனது கடல் அமைதியான காலத்திலை. கடல் அமைதியா இருந்த நாளிலை நிரம்பலை விடக் கேள்விதான் கூட அசைஞ்சது, அதாலை கோடு நிரம்பல் கோட்டின்ரை பக்கம் சாஞ்சு மேலை போகுது. எட்டு நாளையும் போட்டால் சரிவு −0.26. இப்ப சைன் சரியா வந்திட்டுது, அதுதான் கூட ஆபத்து, ஏனெண்டால் மைனஸைக் கண்ட உடனை சனம் சந்தோசப்பட்டு அங்கையே நிப்பாட்டிப் போடும். உண்மை −0.5, நாங்கள் பாதியிலை நிக்கிறம்.

முதலாம் கட்டம். விலையை Z மேலை ரிக்ரெஷன் போடுறது. அமைதி நாளிலை சராசரி விலை 1000, கொந்தளிப்பு நாளிலை 1200. அப்ப கோடு `P = 1000 + 200Z`. இதிலை இருந்து ஒவ்வொரு நாளுக்கும் கணிச்ச விலையை எடுக்கிறம், முதல் நாலு நாளுக்கும் 1000, பிறகு நாலு நாளுக்கும் 1200. என்ன நடந்தது எண்டால், விலையிலை கலியாணவீட்டாலை ஏறின பங்கு, வியாபாரி வராததாலை இறங்கின பங்கு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுபோட்டு கடலாலை வந்த பங்கை மட்டும் வைச்சிருக்கிறம்.

இரண்டாம் கட்டம். அளவை அந்தக் கணிச்ச விலை மேலை ரிக்ரெஷன் போடுறது. அமைதி நாளிலை சராசரி 400 கிலோ, கொந்தளிப்பிலை 300 கிலோ. விலை 200 ரூபாய் ஏற அளவு 100 கிலோ இறங்குது, சரிவு −100/200, அதாவது −0.5. வெட்டுத்துண்டு 900. போட்டு வைச்ச உண்மை அப்பிடியே திரும்பி வந்திட்டுது. இவ்வளவு வடிவாப் பொருந்துறதுக்குக் காரணம் நான் கேள்வி அதிர்ச்சியளை ரெண்டு பக்கமும் சமனாப் பிரிச்சு வைச்சது, உண்மை டேட்டாவிலை கிட்டத்தான் வரும்.

நெகிழ்ச்சியாப் பாத்தால் வித்தியாசம் இன்னும் நல்லாத் தெரியும். சராசரி விலை 1100, சராசரி அளவு 350. ஓஎல்எஸ் படி நெகிழ்ச்சி −0.83, இரு கட்ட முறைப்படி −1.57. முதலாவதை நம்பினால் விலையை ஏத்தினால் மொத்த வருமானம் கூடும் எண்டு கடற்தொழிலாளர் சங்கத்துக்குச் சொல்லுவியள், ரெண்டாவது சொல்லுறது வருமானம் குறையும் எண்டு. ஒரே டேட்டா, நேர் எதிர் ஆலோசனை.

கையாலை செய்தால் நியம வழு பிழைக்கும்

இது நான் நேரடியா அடிவாங்கின இடம். படிக்கிற காலத்திலை ரெண்டு ரிக்ரெஷனையும் தனித்தனியா ஓட்டி, ரெண்டாவதிலை வந்த ஸ்டாண்டட் எரரை அப்பிடியே அறிக்கையிலை போட்டுக் குடுத்தனான். பாத்தவர் சிவப்புப் பேனையாலை ஒரு வட்டம் மட்டும் போட்டுத் திருப்பித் தந்தார், விளக்கம் ஒண்டும் இல்லை. விளங்க ரெண்டு நாள் எடுத்தது.

விசயம் என்னெண்டால், ரெண்டாம் கட்டத்திலை மென்பொருள் எச்சத்தைக் கணிச்ச விலையை வைச்சுக் கணக்குப் பாக்கும். எங்களுக்கு வேண்டிய எச்சம் உண்மை விலையை வைச்சு வாறது. நாள் 1ஐப் பாருங்கோ. உண்மை விலையோடை 450 − 900 + 510 = 60. கணிச்ச விலையோடை 450 − 900 + 500 = 50. எட்டு நாளுக்கும் வர்க்கிச்சுக் கூட்டினால் சரியானது 28800, பிழையானது 10400. நியம வழு முதலாவதிலை 0.245, ரெண்டாவதிலை 0.147. பிழையானது சின்னனா வந்து முடிவைத் தேவையில்லாமல் உறுதியாக் காட்டுது. இந்த டேட்டாவிலை சின்னனா வந்தது, வேறை டேட்டாவிலை பெரிசாயும் வரலாம், எப்பிடியும் பிழைதான். அதாலை கையாலை போடுறது விளங்கிறதுக்கு மட்டும், அறிக்கைக்கு ஒரே கட்டளையிலை ஓட்டுங்கோ. R இலை இப்பிடி:

```r
library(AER)
d <- data.frame(
  P = c(1020,1100,900,980,1220,1300,1100,1180),
  Q = c(450,410,390,350,350,310,290,250),
  Z = c(0,0,0,0,1,1,1,1))
coef(lm(Q ~ P, data = d))
m <- ivreg(Q ~ P | Z, data = d)
summary(m, diagnostics = TRUE)
```

`|` எண்ட கோட்டுக்கு இடப்பக்கம் சமன்பாடு, வலப்பக்கம் கருவி. வாற விடையிலை கீழை மூண்டு வரி இருக்கும். `Weak instruments` எண்டது முதலாம் கட்டத்தின்ரை F, இதிலை 11.5 வரும். `Wu-Hausman` ஓஎல்எஸ்ஸும் இதுவும் உண்மையிலேயே வித்தியாசமோ எண்டு பாக்கிறது, இதிலை 7.4. `Sargan` வெறுமையா NA எண்டு நிக்கும், பயப்பிடாதேங்கோ, ஒரு விலைக்கு ஒரு கருவி எண்டால் சோதிக்க மிச்சம் ஒண்டும் இல்லை.

கருவி பலவீனமெண்டால்

F 10க்கு மேலை எண்டால் போதும் எண்டு ஒரு பழைய வழக்கம் இருக்கு, எங்கடை 11.5 அதைத் தாண்டுது, ஆனால் அதை நம்பி நித்திரை கொள்ளாதேங்கோ. 2022இலை வந்த ஒரு ஆய்வு, வழமையான t சோதனையிலை 5 வீதம் எண்டது உண்மையிலேயே 5 வீதமா இருக்க F 104.7 வேணும் எண்டு காட்டினது. அவ்வளவு F மீன் டேட்டாவிலை லேசிலை வராது. நான் செய்யிறது, F குறைவெண்டால் அளவை நேரை Z மேலை ரிக்ரெஷன் போட்டுப் பாக்கிறது. அந்தக் குணகம் பூச்சியமில்லை எண்டு உறுதியா வந்தால் விலைக்குத் தாக்கம் இருக்கு எண்டது கருவி பலவீனமெண்டாலும் நிக்கும், ஒரு கருவியோடை ஆண்டர்சன்–ரூபின் சோதனை எண்டுறதும் இதுதான். எங்கடை எட்டு நாளிலை அந்த t −3.4.

இஞ்சை யாழ்ப்பாணத்து ஆக்கள் கவனிக்க வேண்டிய விசயம் எந்த இறங்குதுறை எண்டது. மயிலிட்டி, பருத்தித்துறைப் பக்கம் திறந்த கடல், வாடை அடிச்சால் இறங்கேலாது, அப்ப முதலாம் கட்டம் பலமா வரும். களப்புக்குள்ளை இறால் நண்டு பிடிச்சுக் கொண்டுவாற இடத்திலை நிண்டு வெளிக்கடல் அலையைக் கருவியாப் போட்டால் F நல்லாக் குறைவாத்தான் வரும். டேட்டா கூட்டினால் சரிவரும் எண்டு நினைச்சுக் கொண்டிருக்கிறதிலை பிரயோசனமில்லை, இடத்தை மாத்த வேணும், இல்லாட்டி கருவியை.

காத்து அளவுக்கு ERA5 எண்ட உலக வானிலை டேட்டாவை இலவசமா எடுக்கலாம், மணித்தியாலக் கணக்கிலை இருக்கு. அலை உயரமும் இருக்கு, ஆனால் அதின்ரை கட்டம் அகலம், பாக்குநீரிணை மாதிரி ஆழம் குறைஞ்ச ஒடுக்கமான கடலுக்கு நான் காத்து வேகத்தைத்தான் நம்புவன். ஏலம் விடிய நடக்குதெண்டால் எடுக்க வேண்டியது முதல் நாள் பின்னேரம் தொடக்கம் விடியப்புறம் வரையான காத்து, ஏலம் முடிஞ்சு மத்தியானம் அடிச்ச காத்தை இல்லை.

உண்மையிலை கழுத்தறுக்கிற இடம்

F ஐச் சோதிக்கலாம். கருவி கேள்வியைத் தொடேல்லை எண்டதை எந்தச் சோதனையாலும் காட்டேலாது, ஊரை அறிஞ்சுதான் சொல்லவேணும். அதாலை இந்தப் பகுதியிலை கொஞ்சம் நிண்டு போவம்.

யாழ்ப்பாணத்திலை மீன் கேள்வி விரதத்தோடை ஏறி இறங்கும். வெள்ளிக்கிழமை கனக்க வீட்டிலை மச்சம் காய்ச்சிறேல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் மச்சம் தொடாத ஆக்கள் எத்தினை பேர், அது வாறது சோளகக் காத்துக் காலத்திலை. கந்தசஷ்டி ஆறு நாளும் ஐப்பசியிலை, மழையும் வாடையும் துடங்கிற நேரம். அப்ப காத்து அடிச்ச நாளும் சனம் மீன் வாங்காத நாளும் ஒண்டோடை ஒண்டு பிணைஞ்சு கிடக்கு. இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு அதே கணக்கிலை பாப்பம். கொந்தளிப்பு நாள் நாலிலை ரெண்டு விரத நாள், அண்டைக்குக் கேள்வி 80 கிலோவாலை விழுது எண்டு வையுங்கோ, சராசரியா 40. நான் இந்த டேட்டாவைச் செய்யேக்கை போட்ட நிரம்பல் சரிவு +0.5. அதோடை சேத்துப் பாத்தால் விலை வித்தியாசம் 200இலை இருந்து 160 ஆகும், அளவு வித்தியாசம் −100இலை இருந்து −120 ஆகும். பிரிச்சால் −0.75. சனம் விலைக்கு அவ்வளவு கூச்சப்படுது எண்டு எழுதுவியள், உண்மையிலை அது முருகனுக்குப் பிடிச்ச விரதம்.

தீர்வு விரத நாளுக்கும் வெள்ளிக்கிழமைக்கும் தனித்தனி 0/1 மாறி போடுறது, பஞ்சாங்கக் கலண்டரைப் பாத்து ஒரு பின்னேரத்திலை செய்யலாம். மழையும் அப்பிடித்தான். கரையிலை மழை கொட்டினால் வாங்க வாற ஆக்களும் குறையும், அதாலை யாழ்ப்பாண நகரத்து மழையைக் கட்டுப்பாட்டு மாறியாப் போட்டுவிட்டு கடல் காத்தைக் கருவியா வையுங்கோ. முக்கியம், இந்தக் கட்டுப்பாட்டு மாறியள் ரெண்டு கட்டத்திலையும் இருக்க வேணும். இந்த மாறியள் எல்லாம் இருக்கிற உங்கடை சொந்த டேட்டாவை `d` எண்டு வைச்சால், `ivreg` இலை கோட்டுக்கு ரெண்டு பக்கமும் எழுதுறது:

```r
m <- ivreg(lq ~ lp + fri + viratham + rain |
             wind + fri + viratham + rain, data = d)
coeftest(m, vcov = NeweyWest)
```

`lq`, `lp` எண்டது அளவினதும் விலையினதும் மடக்கை, அப்ப `lp` இன்ரை குணகமே நெகிழ்ச்சி, பிறகு பெருக்கிப் பிரிக்கத் தேவையில்லை. `NeweyWest` போடுறது ஏனெண்டால் இண்டைக்கு இருக்கிற அதிர்ச்சி நாளைக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கும்.

வேறை கருவி தேடிற ஆக்கள் ரெண்டு யோசனையோடை வருவினம். ஒண்டு நிலவு, நிலவு காலத்திலை சில வலைக்கு மீன் குறைவு எண்டது கடற்தொழிலாளியைக் கேட்டால் சொல்லுவார். கேக்க வடிவாத்தான் இருக்கு, ஆனால் அமாவாசை தகப்பனுக்கு, பறுவம் தாய்க்கு எண்டு விரதம் பிடிக்கிற ஊரிலை நிலவு நேரை சட்டிக்குள்ளையும் போகுது. மற்றது மண்ணெண்ணெய் விலை. 2022 ஆகஸ்ட்டிலை லீற்றர் 87 ரூபாயிலை இருந்து 340க்குப் பாய்ஞ்சது, போட்டுக்குச் செலவு ஏறினது உண்மை. ஆனால் அதே நேரத்திலைதான் வீடுகளிலையும் காசு வத்திப் போச்சு, அந்தப் பாய்ச்சலைக் கருவியாப் போட்டால் நாட்டு நெருக்கடியையும் சேத்து மீன் விலையின்ரை தலையிலை கட்டுவியள்.

இன்னொண்டு கனபேர் தவற விடுறது. ஒரு மீனை மட்டும், விளைமீன் எண்டு வையுங்கோ, எடுத்துச் செய்யிறியள். கடல் கொந்தளிச்சால் பாரையும் விலை ஏறும். அப்ப பாரை வாங்க வந்தவர் விளைமீனுக்கு மாறுவார், அது விளைமீன் கேள்வியைத் தூக்கும். பாரை 150 ரூபாய் ஏறி, ஒவ்வொரு ரூபாய்க்கும் 0.2 கிலோ விளைமீனுக்குத் திரும்புது எண்டால் 30 கிலோ. எங்களுக்குத் தெரிஞ்ச 100 கிலோ இறக்கம் உண்மையிலை 130 இறங்கி 30 திரும்பி வந்தது, விளைமீனின்ரை சொந்த விலைச் சரிவு −0.65. பாரை விலையைச் சும்மா கட்டுப்பாட்டு மாறியாப் போட்டுத் தப்பேலாது, அதுவும் ஏலத்திலை விழுந்த விலை, அதுக்கும் தனிக் கருவி வேணும். இல்லாட்டி மனிசத்தனமா, "எல்லா மீனும் சேந்து விலையேறேக்கை விளைமீன் விற்பனை இவ்வளவு இறங்குது" எண்டு எழுதுங்கோ, அது பிழையில்லை.

ஃபுல்டன் சந்தையிலை வந்தது

கத்ரின் கிராடி எண்டவ அந்தச் சந்தையிலை ஒரு வியாபாரியின்ரை விற்பனையை 1991 டிசம்பர் தொடக்கம் 1992 மே வரை 111 நாளுக்குச் சேத்தவ, வைட்டிங் எண்ட ஒரு மலிவு மீன். முந்தின நாட்களின்ரை காத்து வேகத்தையும் அலை உயரத்தையும் வைச்சு கடல் கொந்தளிப்பு எண்ட 0/1 மாறி. ஓஎல்எஸ்ஸிலை நெகிழ்ச்சி −0.54. கருவியோடை −1.08. கொந்தளிப்பு நாளிலை விலையின்ரை மடக்கை 0.34 ஏற அளவின்ரை மடக்கை 0.36 இறங்கினது, பிரிச்சுப் பாருங்கோ கிட்டத்தட்ட அதேதான் வரும், எங்கடை எட்டு நாள் கணக்கு மாதிரியே. நியம வழுவும் கூடவே பெருத்தது, கருவி போட்டால் அது எப்பவும் குடுக்க வேண்டிய விலை.

வந்த இலக்கத்தை எதுக்குப் பாவிக்கலாம் எண்டதையும் பாக்கவேணும். காத்து ரெண்டு மூண்டு நாள் அடிக்கும், பிறகு அடங்கும். அந்த ரெண்டு நாளுக்குச் சனம் கருவாட்டையோ முட்டையையோ வைச்சுச் சமாளிக்கும், கொழும்புக்கு ஏத்திற வியாபாரி ஐஸ் பெட்டியிலை இருக்கிறதை அனுப்புவார். அப்ப நாங்கள் அளந்தது ரெண்டு நாள் விலையேற்றத்துக்கு சந்தை குடுக்கிற பதில். வருசம் முழுக்க விலை கூடி நிண்டால் என்ன நடக்கும் எண்டு இந்த டேட்டாவிலை இல்லை, அதுக்கு மாதக் கணக்கிலை நிண்டு தள்ளுற ஒரு நிரம்பல் மாற்றம் வேணும். தம்பி இப்ப வாடைக்காத்து துடங்கும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கிறான், முதல் ஃபைலிலை Z எல்லாம் பூச்சியம்.